16 பேருக்குத் திட்டம், வந்தவர்கள் 13 பேர்: இரண்டு புதிய பயிற்றுநர்களின் முதல் வகுப்பு

பின்னணி

எங்கள் சமூக விளையாட்டுக் கழகத்தில் 8, 9 வயதுப் பிள்ளைகளுக்கான கால்பந்துக் குழு ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை, சனிக்கிழமை காலையில், 60 நிமிடம் பயிற்சி. பயிற்றுநர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது என் பொறுப்பு. இந்தப் பதிவு ஒரு பருவத்தின் தொடக்கத்தில் வந்து சேர்ந்த இருவரைப் பற்றியது. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதலாமவர் நாற்பதைத் தாண்டியவர். கல்லூரி அணியில் ஆடியவர், ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர். அவருடைய மகனும் இதே குழுவில் இருந்தான். இரண்டாமவர் 19 வயது மாணவி. பிள்ளைகளோடு உடனே ஒட்டிக்கொள்வார், பெரியவர்கள் முன்னால் மட்டும் குரல் இறங்கிவிடும். பின்புலச் சரிபார்ப்பு, முதலுதவிப் பெட்டி, அவசரத் தொடர்பு எண்கள், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி ஆகியவற்றைக் கழகம் முன்கூட்டியே முடித்திருந்தது. அந்தப் பக்கம் குறை எதுவும் இல்லை.

குறை நாங்கள் வழிகாட்டிய முறையில் இருந்தது. புதியவரோடு அரை மணி நேரம் பேசுவோம், கட்டம் போட்ட திட்டப் படிவம் ஒன்றைக் கையில் கொடுப்போம், முதல் நாளில் ஓரமாக நின்று பார்ப்போம். பல ஆண்டுகளாக அப்படித்தான் நடந்துவந்தது.

திட்டத்தைப் பார்த்தபோது

மூத்தவர் வியாழக்கிழமையே திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று பக்கம். ஏழு பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் படம், அம்புக்குறிகள், எத்தனை கூம்பு வேண்டும் என்ற கணக்கு. பதிவு செய்திருந்த 16 பேரையும் நான்கு நான்காகப் பிரித்திருந்தார். ஒரு பயிற்சிக்கு எட்டு நிமிடம்.

ஏழு எட்டு 56. மீதி நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்குள் வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, ஏழு பயிற்சிகளையும் விளக்கி, ஆறு முறை கூம்புகளை மாற்றி வைத்து, தண்ணீர் குடிக்க விட்டு, விடைபெற வேண்டும். இது அன்றே என் கண்ணில் பட்டது. ஆனாலும் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பினேன். மூன்று இரவு உட்கார்ந்து எழுதியிருக்கிறார், முதல் நாளுக்கு முன்பே மனம் தளர வைக்க வேண்டாம் என்று நினைத்தேன். இந்த நிகழ்வில் நடந்த முதல் பிழை அதுதான், அது என்னுடையது.

மாணவி திட்டம் எதுவும் எழுதவில்லை. மூத்தவர் சொல்வதைச் செய்வதாக ஏற்பாடு. அதையும் நான் கேள்வி கேட்காமல் விட்டேன்.

பெற்றோரிடம் என்ன பேசுவது என்பது எங்கள் உரையாடலில் வரவேயில்லை.

முதல் நாள்: மைதானத்துக்குள்

வந்தவர்கள் 13 பேர். தொடங்கி ஒன்பது நிமிடம் கழித்து இன்னும் ஒருவன் ஓடி வந்தான். நான்கு நான்காகப் பிரியாத எண்ணிக்கை. மூத்தவர் தாளைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். இரண்டு வரிசையாக நிறுத்தலாம் என்று அவர் முடிவெடுப்பதற்குள் ஆறு நிமிடம் போய்விட்டது. அதற்குள் இரண்டு கூம்புகள் தொப்பியாகிவிட்டன.

முதல் பயிற்சி, கூம்புகளுக்கு நடுவே பந்தை வளைத்து வளைத்து உருட்டிச் சென்று திரும்புவது. ஒரு வரிசையில் ஏழு பேர். ஒருவர் போய்வர 12 வினாடி. அப்படியானால் ஒரு சுற்று முடிய 84 வினாடி ஆகிறது. எட்டு நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு ஐந்து அல்லது ஆறு முறை வாய்ப்பு வரும். எல்லாம் சரியாக நடந்தாலும் எட்டு நிமிடத்தில் பந்து அவன் காலில் இருப்பது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். மீதி ஏழு நிமிடம் அவன் முன்னால் இருப்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். 8 வயதுப் பிள்ளை ஏழு நிமிடம் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பான் என்று நம்புவதற்குப் பிள்ளைகளையே பார்த்திராதவராக இருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தான். திட்டம் எழுத உட்கார்ந்தால் மட்டும் அது மறந்துபோகிறது.

மஞ்சள் சட்டை போட்ட ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுத்துக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். அந்த எட்டு நிமிடத்தில் அவனிடம் பந்து இருந்தது 50 வினாடி. மற்ற நேரத்தில் முன்னால் இருந்தவனின் சட்டையை இழுத்தான், புல்லைப் பிடுங்கினான், பிறகு வரிசையை விட்டே போய்விட்டான்.

மூத்தவர் அதை ஒழுங்கீனமாகப் பார்த்தார். விசில் ஊதினார், குரலை உயர்த்தினார், அமைதி வரும்வரை காத்திருந்தார். காத்திருக்கும் நேரமும் வரிசையில் நிற்கும் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அடுத்த பயிற்சியை அவர் விளக்கி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. நல்ல விளக்கம், பெரியவர்களுக்கு. பிள்ளைகள் வெயிலைப் பார்த்தபடி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். பாதிப் பேர் காலடியில் இருந்த பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

செய்துகாட்ட ஆள் வேண்டியபோதெல்லாம் அவர் தம் மகனையே அழைத்தார். பெயர் தெரிந்த ஒரே பிள்ளை அவன்தான். சொன்னதை உடனே செய்வான் என்ற நம்பிக்கையும் இருந்திருக்கும். அதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. ஓரத்தில் நிற்கிறவர்களுக்கு அது தெரியாது.

60 நிமிடம் முடிந்தபோது ஏழில் நான்கு பயிற்சிகள் நடந்திருந்தன. ஆட்டம் நடக்கவில்லை. பைகளை எடுத்துக்கொள்ளும்போது ஒரு சிறுமி, "கோச், மேட்ச் எப்போது?" என்று கேட்டாள்.

முதல் நாள்: எல்லைக்கோட்டுக்கு வெளியே

பெற்றோர்களை நான் வேறொரு காரணத்துக்காகக் கவனித்துக்கொண்டிருந்தேன். யார் எந்தப் பிள்ளையை அழைத்துச் செல்கிறார் என்று பார்ப்பது என் வேலை. அப்போது கண்ணில் பட்டதுதான் பிறகு எங்கள் முடிவுகளுக்கெல்லாம் அடிப்படையானது.

முதல் பத்து நிமிடம் அவர்களிடமிருந்து சத்தமே இல்லை. கைபேசி, ஒருவரோடொருவர் பேச்சு. வரிசைகள் நீண்டு பிள்ளைகள் சும்மா நிற்கத் தொடங்கிய பிறகுதான் குரல்கள் வந்தன. "அங்கே ஏன் நிற்கிறாய்? முன்னால் போ!" "அவர் சொல்வதைக் கவனி!" ஒரு தந்தை மகனின் ஷூ கயிற்றைக் கட்டிவிட உள்ளே வந்தார். கட்டி முடித்ததும் அங்கேயே நின்று பந்தை எப்படி உதைப்பது என்று காட்டத் தொடங்கினார். தட்டிக்கேட்பது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை.

பெற்றோர் கத்துவதைப் பற்றிப் பயிற்றுநர்கள் குறைபட்டுக்கொள்வது எங்கும் உண்டு. அன்று நான் பார்த்தவரை, சத்தம் பிள்ளைகளின் சும்மா இருப்பைப் பின்தொடர்ந்துதான் வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தம் பிள்ளை நிற்பது மட்டும் தெரிந்தது. கையில் இருந்த ஒரே கருவியான குரலைப் பயன்படுத்தினார்கள்.

முடிந்த பிறகு இரண்டு உரையாடல்கள் நடந்தன. ஒரு தாய் மாணவியிடம் வந்து, "என் மகன் ஏன் நின்றுகொண்டே இருந்தான்?" என்று கேட்டார். அவர், "எனக்குத் தெரியாது, சாரைக் கேளுங்கள்" என்றார். இன்னொரு பக்கம் ஒரு தந்தை மூத்தவரிடம், பிள்ளைகள் கேட்கும் தூரத்திலேயே, "எல்லாவற்றுக்கும் உங்கள் மகனைத்தானே முன்னால் நிறுத்துகிறீர்கள்" என்றார். மூத்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. தாம் எத்தனை ஆண்டு ஆடியவர், எந்த நிலைவரை ஆடியவர் என்று சொல்லத் தொடங்கினார். கேள்வி அதுவல்ல. இருவரும் குரலை உயர்த்தியபோது நான் நடுவில் போய் நின்றேன்.

அன்று இரவு மூத்தவரிடமிருந்து செய்தி வந்தது: வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் மாணவியும் கேட்டார்: "சார், நான் இதற்குச் சரிப்படுவேனா?"

வாரத்தின் நடுவே

புதன்கிழமை மூவரும் உட்கார்ந்தோம். என்ன தவறு நடந்தது என்று நான் சொல்லத் தொடங்கியிருந்தால் மூத்தவர் எழுந்து போயிருப்பார். அதனால் ஒரே கேள்வி கேட்டேன். "உங்கள் மகன் வேண்டாம். நன்றாக ஆடுகிறவன் வேண்டாம், குறும்பு செய்தவனும் வேண்டாம். மற்றவர்களில் யாராவது ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பிள்ளை என்ன செய்தது?"

நெடுநேரம் யோசித்தார். சொல்ல முடியவில்லை. மாணவியால் சொல்ல முடிந்தது. அவர் வரிசையின் கடைசியில் நின்றிருந்தார், அங்கே நடந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய விவரிப்புக்குப் பிறகுதான் மஞ்சள் சட்டைச் சிறுவனின் 50 வினாடிக் கணக்கைக் காட்டினேன். "அப்படியென்றால் பிரச்சினை பிள்ளைகள் இல்லை, வரிசைதான்" என்று மூத்தவரே சொன்னார். அந்தத் திட்டத்தை நான் பார்த்தும் பேசாமல் விட்டதை அப்போது ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு பேச்சு இளகியது.

எடுத்த முடிவுகள்: திட்டம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: பந்தைக் காலருகே வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்ப்பது. அதற்கு உதவாத பயிற்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே.

தொடக்கம், எண்ணிக்கையை எதிர்பார்க்காததாக இருக்க வேண்டும் என்பதில் அதிக நேரம் செலவிட்டோம். 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு சதுரம். வருகிற பிள்ளை ஒரு பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மற்றவர்கள் மேல் மோதாமல் உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் வருகிறவன் தனியாகத் தொடங்கலாம், ஒன்பது நிமிடம் தாமதமாக வருகிறவன் யாரையும் நிறுத்தாமல் சேர்ந்துகொள்ளலாம். 11 பேரோ 17 பேரோ, எதுவும் மாறாது. ஆளுக்கொரு பந்து வேண்டும். பெட்டியில் இருந்தவற்றில் பாதி 5ஆம் அளவு, பெரியவர்கள் ஆடுவது. அதை 8 வயதுப் பிள்ளை உருட்டும்போது கண் பந்தை விட்டு எழவே எழாது. 3ஆம் அளவுப் பந்துகளை மற்றக் குழுக்களிடமிருந்து கேட்டு வாங்கினோம்.

இரண்டாவது, வாசல் விளையாட்டு. இரண்டடி இடைவெளியில் இரண்டு கூம்புகள் வைத்தால் ஒரு வாசல். சதுரமெங்கும் பத்து வாசல்கள் சிதறிக் கிடக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை வாசல் வழியாகப் பந்தோடு போகிறாய் என்பதே ஆட்டம். அடுத்த வாசல் எங்கே காலியாக இருக்கிறது என்று பார்க்கத் தலையை நிமிர்த்தியே ஆக வேண்டும். பயிற்றுநர் "தலையை நிமிர்த்து" என்று கத்த வேண்டியதில்லை.

மூன்றாவது, ஆட்டம். இரண்டு சிறிய திடல்கள், மூவருக்கு மூவர் அல்லது நால்வருக்கு நால்வர், கோல்காப்பாளர் கிடையாது. எண்ணிக்கை ஒற்றையாக வந்தால் ஓர் அணியில் ஒருவர் கூடுதல், அவ்வளவுதான். யாரும் வெளியே உட்கார வேண்டாம்.

நேரக் கணக்கு: வந்து சேரும் பயிற்சி 12 நிமிடம், வாசல் விளையாட்டு 15, தண்ணீரும் இடமாற்றமும் 5, ஆட்டம் 22, முடிவில் 6. தண்ணீருக்கும் இடமாற்றத்துக்கும் தனியாக நேரம் எழுதியதை மூத்தவர் வீண் என்றுதான் முதலில் நினைத்தார். முதல் நாளில் அவற்றுக்கு எவ்வளவு போனது என்று சேர்த்துப் பார்க்கச் சொன்னேன்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் எதிரே இரண்டு வரி மட்டும்: எளிதாக இருந்தால் என்ன செய்வது, கடினமாக இருந்தால் என்ன செய்வது. இடது காலால் மட்டும், வாசலைக் குறுக்குவது, சதுரத்தை அகலமாக்குவது போன்றவை. எல்லோரையும் நிறுத்தி வைத்து யோசிக்கும் நேரத்தை இந்த இரண்டு வரிகள் மிச்சப்படுத்தும்.

விளக்கம் 40 வினாடிக்குள். பயிற்றுநர் வெயிலைப் பார்த்து நிற்க வேண்டும், பிள்ளைகளின் முதுகு வெயிலுக்கும் முடிந்தால் பெற்றோருக்கும் இருக்க வேண்டும். பந்தின் மேல் ஒரு கால் வைத்துக்கொள்ளச் சொன்னால் தட்டுவது நிற்கும். ஒருமுறை செய்துகாட்டித் தொடங்கிவிடுவது, புரியாதவர்களிடம் ஆட்டம் ஓடும்போது தனியாகப் போய்ச் சொல்வது. செய்துகாட்ட ஒவ்வொரு முறையும் வேறு பிள்ளை. மூத்தவரின் மகன் ஆட்டத்தின்போது மாணவி பார்த்துக்கொள்ளும் திடலில் இருப்பான்.

எடுத்த முடிவுகள்: பெற்றோர்

பெற்றோரிடம் பேச வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எப்போது என்பதில் இருந்தது. முடிந்த பிறகு பேசலாம் என்றார் மூத்தவர். முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளும் பக்கத்தில் நிற்பார்கள். தனியாக ஒரு கூட்டம் என்றால் வரவேண்டியவர்கள்தான் வராமல் இருப்பார்கள். அப்போதுதான் அந்த முதல் 12 நிமிடம் நினைவுக்கு வந்தது. தானாக ஓடும் பயிற்சியை மாணவி நடத்தட்டும், நானும் மைதானத்துக்குள் இருக்கிறேன், மூத்தவர் பெற்றோர்கள் நிற்கும் இடத்துக்கே போய் ஏழு நிமிடம் பேசட்டும் என்று முடிவானது. பேசும்போதே அவர் கையை நீட்டிப் பிள்ளைகளைக் காட்டலாம் என்பது கூடுதல் வசதி.

அவர் எழுதிவந்த முதல் வரைவு தடைகளின் பட்டியல். கத்தக் கூடாது, உள்ளே வரக் கூடாது, பயிற்றுநரை இடைமறிக்கக் கூடாது. படித்தால் ஒரு வாரம் முன்பு சண்டை போட்டவருக்கு எழுதிய பதில் என்று தெரிந்துவிடும். மற்றவர்கள் அதற்கு என்ன செய்தார்கள்? திருப்பி எழுதினோம்.

முதலில் இன்று பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்பது. தலையை நிமிர்த்தப் பழகும் பிள்ளை முதல் சில வாரம் பந்தை அதிகமாக இழக்கும், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அடுத்து, எல்லோருக்கும் சம அளவு ஆட்ட நேரம், திறமையைப் பார்த்து அதில் மாற்றம் கிடையாது. பிறகு ஓரத்திலிருந்து கூப்பிடுவது பற்றி: பெயர் சொல்லி உற்சாகப்படுத்துங்கள், எங்கே ஓடுவது, எப்போது உதைப்பது என்று மட்டும் சொல்லாதீர்கள். காலில் பந்தோடு இருக்கும் பிள்ளை உங்கள் குரல் கேட்டதும் உங்களைத் திரும்பிப் பார்க்கிறது, அதற்குள் பந்து போய்விடுகிறது. தடையைச் சொல்வதைவிட இந்தக் காரணத்தைச் சொல்வது பலன் தரும் என்று எனக்குத் தோன்றியது. அவர்களே அதைக் கண்ணால் பார்க்க முடியும்.

கடைசியாக, ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எப்போது, யாரிடம் என்பது. பயிற்சி நாளில் மைதானத்தில் வேண்டாம், மறுநாள் மாலை 7 மணிக்கு மேல் தொலைபேசியில் அழைக்கலாம். பிள்ளையின் பாதுகாப்போ காயமோ சம்பந்தப்பட்டதென்றால் அந்த நிமிடமே, யாரை வேண்டுமானாலும் நிறுத்திச் சொல்லலாம், கழகத்தின் பிள்ளைகள் நலப் பொறுப்பாளரின் எண் இதோ. இந்த விதிவிலக்கைச் சொல்லாமல் முன்னதை மட்டும் சொன்னால் ஆபத்து. ஆஸ்துமா போன்ற உடல்நல விவரங்களைக் கூட்டத்தில் கேட்காமல், தனியாகத் தெரிவிக்கும்படி சொல்வதென்றும் வைத்துக்கொண்டோம்.

சொல்லக் கூடாததும் ஒன்று உண்டு. பருவ முடிவில் உங்கள் பிள்ளை இப்படி ஆகிவிடும் என்ற எந்த வாக்குறுதியும் வேண்டாம். புதியவர்கள் பதற்றத்தில் முதலில் கொடுப்பது அதைத்தான்.

மாணவிக்குத் தேவைப்பட்டது வேறு. அவரோடு நான் கோபமான தந்தையாக நடித்துப் பார்த்தேன். முதல் மூன்று முறையும் அவர் மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. பிறகு ஒரு பதிலை அவரே தம் சொற்களில் அமைத்துக்கொண்டார்: "நீங்கள் கேட்டதைக் குறித்துக்கொள்கிறேன். இப்போது நான் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். நாளை மாலை நானே அழைக்கிறேன்." அழைக்கத்தான் வேண்டும். ஒருமுறை அழைக்காமல் விட்டால் அந்த வாக்கியம் அடுத்த முறை வேலை செய்யாது.

சண்டை போட்ட தந்தையை மூத்தவர் வியாழக்கிழமை தொலைபேசியில் அழைத்தார். "நீங்கள் சொன்னது சரிதான், என் மகனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்" என்று தொடங்கியதாகச் சொன்னார். அந்தத் தந்தையின் மகன் வீட்டுக்குப் போய், "நான் சரியாக ஆடுவதில்லையா அப்பா? அதனால்தான் என்னைக் கூப்பிடவில்லையா?" என்று கேட்டிருக்கிறான். அந்த வீட்டில் இருந்த கோபத்தின் காரணம் அதுவாக இருந்தது.

இரண்டாம் வாரம்

15 பேர் வந்தார்கள். முதல் பிள்ளை வந்த நிமிடமே பயிற்சி தொடங்கியது. எண்ணிக்கை பார்க்க யாரும் நிற்கவில்லை.

ஏழு நிமிடப் பேச்சு 11 நிமிடம் ஆனது. பெற்றோர்களில் ஒருவர் போட்டிகளில் எப்போது கலந்துகொள்வோம் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாங்கள் தயாராக இல்லை. அதற்குள் சதுரத்துக்குள் பிள்ளைகளின் ஆர்வம் வடியத் தொடங்கியது. பத்தாவது நிமிடத்தில் இரண்டு பேர் பந்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். மாணவி யாரையும் கேட்காமல் இரண்டு பிள்ளைகளிடமிருந்து பந்தை வாங்கி வைத்துவிட்டு, "இனி இவர்கள் பந்தைத் தட்டிவிடுவார்கள், காப்பாற்றிக்கொள்ளுங்கள்" என்றார். தாளில் அது இல்லை. சதுரம் மறுபடி உயிர்பெற்றது.

வாசல் விளையாட்டில் எதிர்பாராத ஒன்று நடந்தது. எண்ணிக்கைதான் வெற்றி என்றதும் நான்கைந்து பேர் ஒரே வாசலில் முன்னும் பின்னுமாகப் போய்வந்து கணக்கை ஏற்றினார்கள். விதிப்படி அது சரி, தலை மட்டும் நிமிரவே இல்லை. மூத்தவர் சிரித்துவிட்டு, ஒரே வாசலில் அடுத்தடுத்து இரண்டு முறை போகக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார். அந்தச் சிரிப்பு முதல் வாரம் இல்லாதது.

மஞ்சள் சட்டைச் சிறுவனை மறுபடி கவனித்தேன். அன்று அவன் வேறு நிறத்தில் வந்திருந்தான். வாசல் விளையாட்டின் எட்டு நிமிடத்தில், விளக்கத்துக்கும் இடைவெளிக்கும் போன ஒன்றரை நிமிடம் தவிர, பந்து அவனிடமே இருந்தது.

ஆட்டம் அவ்வளவு சீராக இல்லை. ஒரு திடலில் ஓர் அணி ஐந்து கோல் போட, எதிரணியில் ஒரு சிறுமி அழுதாள். அணிகளைக் கலைத்து ஓர் ஆளை மாற்றியிருக்க வேண்டும், அது மூன்றாவது கோலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இருவரும் விளையாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள், நானும்தான்.

எல்லைக்கோட்டுக்கு வெளியே சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. ஒரு தாத்தா கடைசிவரை கட்டளைகள் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் தாமதமாக வந்தவர், பேச்சைக் கேட்கவில்லை. பேச்சைக் கேட்டவர்கள் வந்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அன்று மாலையே அதே விஷயங்களை எட்டு வரிகளில் எழுதி எல்லாக் குடும்பங்களுக்கும் அனுப்பினோம்.

பிறகு

இருவரும் பருவம் முடியும்வரை இருந்தார்கள். மூத்தவருக்கு நீண்ட விளக்கம் கொடுக்கும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. ஆறாவது வாரத்தில் ஒருமுறை இரண்டரை நிமிடம் பேசினார். மாணவி தூரத்திலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவது அவர்களுக்குள் ஏற்பட்ட ஏற்பாடு. ஐந்தாவது வாரத்திலிருந்து பெற்றோரின் அழைப்புகளில் பாதியை மாணவி எடுத்துக்கொண்டார். முதல் நாள் அவரிடம் கேள்வி கேட்ட தாய் பின்னர் இரண்டு முறை அழைத்தார், இரண்டும் ஆட்ட நேரத்தைப் பற்றியது. மாணவி வாராவாரம் யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று குறித்து வைத்திருந்ததால் பேச்சு நீளவில்லை.

சண்டை போட்ட தந்தை எட்டாவது வாரத்துக்குப் பிறகு மகனை அழைத்துவரவில்லை. பையன் நீச்சலுக்குப் போகிறான் என்றார். அது எங்களால் நேர்ந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

பெற்றோரிடம் பேசுவதை முதல் வாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். இரண்டாம் வாரத்தில் பேசும்போது அது நடந்த ஒன்றுக்குப் பதிலாகத்தான் காதில் விழும். முதல் வாரத்தில் பேசினால் வெறும் அறிமுகமாக இருக்கும். எட்டு வரிச் செய்தி அதற்கு முந்தைய நாளே போகிறது, தாமதமாக வருகிறவர்களுக்காக. போட்டிகள் பற்றிய கேள்விக்குக் கழகம் ஒரே பதிலை எழுதி வைத்திருக்கிறது.

முதல் வகுப்பில் நான் ஓரமாக நிற்பதில்லை. தொடக்கப் பயிற்சியை நான் நடத்துகிறேன், பிற்பாதியைப் புதியவர்கள். நான் முழுவதையும் நடத்திக் காட்டினால் அவர்கள் அதை அப்படியே நகலெடுக்கிறார்கள் என்பதை வேறொருவரிடம் கண்டேன், அதனால் பாதிதான்.

பிள்ளையின் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்ததைப் பயிற்றுநரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அன்று அது பயன்பட்டது உண்மை. ஆனால் தாம் வேவு பார்க்கப்பட்டதாக மூத்தவர் பின்னர் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார், முழுக்க வேடிக்கையாக இல்லை. இப்போது அந்தக் கடிகாரத்தைப் புதியவர்களில் ஒருவரிடமே கொடுத்துவிடுகிறேன். அவரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அளக்கட்டும்.

ஆட்டத்தில் அணிகள் சமமில்லாமல் போகும்போது எந்தக் கட்டத்தில் கலைப்பது என்பதற்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. மூன்று கோல் வித்தியாசம் என்று வைத்துப் பார்த்தோம். முன்னணியில் இருந்த பிள்ளைகள் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டார்கள்.

திட்டப் படிவத்தில் இருந்த கட்டங்களை எடுத்துவிட்டோம். மேலே ஒரே கேள்வி புதிதாக இருக்கிறது: "11 பேர் மட்டும் வந்தால்?" அடுத்த பருவத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் படிவத்தை விளக்கியது மூத்தவர்தான். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் தம் கைப்பட "17 பேர் வந்தால்?" என்று எழுதிக் கொடுத்தார்.